ஒழுங்கான காற்று

அக்கா காலையில் போன் செய்தபோது நான் வேறொரு வேலைத்தளத்தில் சாரம் கட்டுகிறவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"கட்டில் மேல மழைத்தண்ணி சொட்டுதுடி. மச்சுப் பலகையெல்லாம் ஊறிப் போச்சு. ராத்திரி காத்துல ஓடு பறந்துடுச்சுன்னு உங்க மாமா சொல்றாரு."

"எத்தனை ஓடு?"

"நான் எங்க ஏறிப் பாக்கறது? என் முட்டி இருக்கற அழகுக்கு."

அக்கா வீடு கடைத்தெருவில் இருக்கிற மாடிக் கட்டிடம். கீழே ஒரு காலத்தில் மருந்துக்கடை, இப்போது பூட்டிக் கிடக்கிறது. மேலே அக்காவும் மாமாவும். எங்கள் அம்மா அப்பா வழியில் வந்த சொத்து. பாகம் பிரித்ததில் கட்டிடம் அவளுக்கு, பின்னால் இருந்த காலி மனை எனக்கு. அந்த மனையை விற்றுத்தான் நான் இந்தத் தொழிலில் இறங்கினேன். பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கிற காண்டிராக்டர். அதற்கென்று தனியாகப் பதிவு பெற்றவள். அதனால் அக்கா கட்டிடம் மரபுக் கட்டிடப் பட்டியலில் சேர்ந்த அன்று குடும்பத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். மாமா அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

"ஆணி அடிக்கணும்னாலும் கவர்ன்மென்ட்ட கேக்கணுமாம். வீடா இது, மியூசியமா?" என்பார். யாரும் அவரை ஆணிக்கு அனுமதி கேட்கச் சொல்லவில்லை. இடிப்பது, மாற்றுவது, சேர்ப்பது, இதற்கெல்லாம் எழுத்தில் அனுமதி வேண்டும். இருப்பதை இருந்தபடியே, அதே பொருளால் சரி செய்ய, முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும். விற்கவும் தடையில்லை. மரபுக் கட்டிட அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தி, பட்டியலில் உள்ள கட்டிடம் என்று வாங்குகிறவரிடம் சொல்லி, பத்திரத்திலும் எழுத வேண்டும். இதை நூறு தரம் விளக்கியிருப்பேன். மாமா காதில் 'வேண்டும்' மட்டும்தான் விழும், 'போதும்' விழாது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. ரிட்டையர் ஆகும்வரை ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வீட்டில் செருப்புகூட அளவு வாரியாகத்தான் நிற்கும். அக்காவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தால் மருந்துக்கடையே வெட்கப்படும்.

"வா வா இன்ஜினியரம்மா. என்னா காத்துங்கறே! விடிய விடிய ஒரே ஊளை. கட்டிடம் போச்சு, அவ்வளவுதான்."

குரலில் கவலை இருந்தது. முகத்தில் இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மாடிப்படி செங்குத்தானது. அதில் ஏறி இறங்குவதுதான் அக்காவின் வாழ்நாள் தண்டனை. டாக்டரைப் பார்க்க மட்டும் கீழே வருவாள், மற்ற நேரமெல்லாம் மேலேதான். லிஃப்ட் வைத்த கட்டிடத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஃபிளாட் வேண்டும் அவளுக்கு. அதற்கு இதை விற்றாக வேண்டும். அவள் கேட்டது இது ஒன்றுதான். அதில் எந்தப் பிழையும் இல்லை.

கட்டிலை ஓரம் தள்ளி, சொட்டுகிற இடத்தில் வாளி வைத்திருந்தாள். நான் ஏணியைப் போட்டு, மேல் பலகையிலிருந்த கதவைத் தள்ளிக் கூரைக்குள் தலையை நீட்டினேன்.

வானம் தெரிந்தது. சச்சதுரமாகத் தெரிந்தது.

காற்று எப்படி ஓடு எடுக்கும் என்று எனக்குத் தெரியும், அது என் பிழைப்பு. ஓரத்தில் ஆரம்பிக்கும், முகட்டில் ஆரம்பிக்கும். கோணல்மாணலாகப் பிய்க்கும். கீழே தெருவில் சில்லுச் சில்லாகக் கிடக்கும், யாராவது ஒருவர் வந்து தன் வண்டிக் கண்ணாடி உடைந்தது என்று சண்டை போடுவார். இங்கே பின்பக்கச் சரிவில், தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நட்டநடுவில் மட்டும், பெரிய ஜன்னல் அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றியிருந்த ஓடுகளில் ஒரு கீறல் இல்லை. ஓடுகளைத் தாங்குகிற கைமரமும் ரீப்பர் சட்டமும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

இறங்கினேன். நேராகப் படியிறங்கிக் கீழே பின்கட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மாமா பின்னாலேயே ஓடி வந்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல. பழைய சாமான்தான்."

கோணிச் சாக்கை விலக்கினேன். ஓடுகள். ஒன்றுகூட உடையாமல், இடையில் வைக்கோல் கொடுத்து, பத்துப் பத்தாகச் சாய்த்து அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் சாக்பீஸில் எழுத்து. 'வரிசை மூணு, இடப்பக்கம் ரெண்டு.' 'வரிசை நாலு, இடப்பக்கம் அஞ்சு.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

"மாமா. கட்டிடத்தை நாசம் பண்ணணும்னு ஓட்டைப் பிரிச்சீங்க. சரி. அதை ஏன் நம்பர் போட்டு அடுக்கினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பின்ன? குப்பை மாதிரி போட்டா எது எங்க இருந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

அந்தக் கேள்வியை அவர் அதுவரை தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிறகு எல்லாம் கொட்டியது. யோசனை டைல்ஸ்காரருடையது. தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் விற்கிற பெரிய மனிதர். கட்டிடம் இருக்கிற இடத்தில் நாலு மாடி ஷோரூம் கட்ட ஆசை. கட்டிடமாக வாங்க மாட்டார், மண்ணாக இருந்தால் வாங்குவார். கூரை வழியாக ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் பலகை போகும், சுவர் ஊறும், அப்புறம் ஆபத்தான கட்டிடம் என்று சொல்லித் தரைமட்டம் ஆக்கிவிடலாம் என்று மாமா காதில் ஓதியிருக்கிறார். அக்கா மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து மாமா உள்ளேயிருந்தே ஓடுகளைக் கழற்றி, வாளியில் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறார். இந்த வயதில்! விழுந்திருந்தால் என்ன ஆவது? அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அதனால் இரண்டு மடங்கானது.

"மிஞ்சிப் போனா ஃபைன் போடுவாங்க, அதை நான் கட்டிடறேன்னு சொல்லிட்டாரும்மா."

"ஃபைன் மட்டும்னு யார் சொன்னது? ஜெயிலும் உண்டு. பட்டியல்ல இருக்கற கட்டிடத்தை இடிச்சா மட்டும் இல்ல மாமா, வேணும்னே கெடுத்தாலும் குத்தம்தான். அது போக, பழையபடி கட்டிக் குடுன்னு உத்தரவு போடுவாங்க. நாம கட்டலேன்னா அவங்களே கட்டிட்டு செலவை நம்மகிட்ட வசூல் பண்ணுவாங்க. சரி, இந்தக் கட்டிடப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"உங்க அக்கா பேர்ல."

"அப்ப நோட்டீஸ் முதல்ல யாருக்கு வரும்?"

மாமா அப்படியே ஓட்டு அடுக்கின் மேல் உட்காரப் போனார். உட்காருமுன் அடுக்கு சரியுமே என்று பயந்து, விலகிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் சொல்கிறேன், அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அக்கா படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்தப் புத்தி போயிருக்கிறது. ஆனால் கட்டிடம் யாருடையது என்பதையே மறந்து போகிற அளவுக்குப் புருஷனாக இருந்துவிட்டார்.

"இங்க என்ன நடக்குது?"

அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள். அவள் தனியாகப் படி இறங்கி வந்தது எப்போது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஓட்டு அடுக்கைப் பார்த்தாள். சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு யாரும் வேண்டாம்.

"நீங்களா?" என்றாள்.

மாமா தரையில் சிதறிய வைக்கோலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நான் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் அக்கா என்னிடம். "கூரைக்குச் சேதம் வந்தா உடனே தகவல் சொல்லணும்னு நீதானே சொல்லிக் குடுத்தே? காத்துல ஓடு பறந்துடுச்சுன்னு காலையிலயே சொல்லிட்டேன். இன்னிக்கே ஆள் வராராம். இவர் பேச்சை நம்பி, என் வாயால பொய் சொல்லியிருக்கேன்."

மாமா துள்ளி எழுந்தார். ஸ்டோர் ரூம் அலமாரியில், அளவு வாரியாகத் தொங்கிய சுத்தியல்களில் நடுத்தரமான ஒன்றை எடுத்தார். "ஒரு நாலஞ்சு ஓடு உடைச்சு முற்றத்துல போட்டுடறேன். காத்துல விழுந்த மாதிரி இருக்கும்."

ஒரு ஓட்டைத் தரையில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கியது ஓங்கியபடியே நின்றது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். 'வரிசை மூணு, இடப்பக்கம் நாலு.'

"இது நல்ல ஓடு," என்றார் பரிதாபமாக.

"வைங்க கீழே," என்றாள் அக்கா.

வைத்தார். ஓட்டை அடுக்கிலும், சுத்தியலை அதன் ஆணியிலும்.

நான் ஆட்களை வரச் சொல்லி ஓட்டைக்கு மேல் தார்ப்பாய் போட்டேன். அவசரத்துக்குத் தண்ணீர் இறங்காமல் மூடுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது, தகவல் சொல்லாமல் விட்டால்தான் குற்றம். மூடுமுன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்தேன். எடுக்கும்போதே எனக்குத் தெரியும், அந்தப் படத்தைப் பார்க்கிற எவனுக்கும் காற்றுக் கதை செல்லாது. மறைத்தால் என் பதிவும் போகும். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது.

ஆய்வாளர் ஒரு சின்ன உருவம், தோளில் பெரிய பை. ஏணியில் அணில் மாதிரி ஏறினார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். என் போட்டோக்களைப் பார்த்தார். கைமரத்தைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ரொம்ப ஒழுங்கான காத்து மேடம்," என்றார். "நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படி ஒரு காத்தைப் பார்த்ததே இல்ல. ஓடெல்லாம் எங்க?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அந்த முட்டியோடு எழுந்து நிற்பது சாதாரணம் இல்லை.

"காலையில நான் சொன்னது தப்பு சார். காத்து இல்ல. கட்டிடம் என் பேர்ல இருக்கு. பொறுப்பு என்னுது. ஓடெல்லாம் ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு. என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

"யார் எடுத்தது?"

அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் நான் மாமாவைக் கண்ணாலேயே எரித்திருப்பேன். ஆனால் எரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார் மாமா. "இவளுக்குத் தெரியாது. மத்தியானம் தூங்கறப்ப எடுத்தேன். என் பேரை எழுதுங்க."

ஆய்வாளர் எழுத ஆரம்பிக்கும் நேரம் பார்த்து மாடிப்படியில் சென்ட் வாசனை ஏறி வந்தது. பின்னால் டைல்ஸ்காரர். கூரை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார், பாவம்.

"அடடா, என்னங்க இப்படி ஆயிடுச்சு!" என்றார், ஒத்திகை பார்த்த குரலில். "இனிமே இது நிக்காதுங்க. மனுஷங்க மேல விழறதுக்குள்ள எடுத்துடறது நல்லது."

இந்தச் சந்தர்ப்பத்தை நான் விடுவேனா!

"வாங்க சார். இவர் மரபுக் கட்டிட ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கார். உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்கலாம். உதாரணத்துக்கு, இது விழுந்துட்டா இந்த இடத்துல நாலு மாடி கட்டலாமா?"

டைல்ஸ்காரர் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டார். ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"தானா விழுந்தாலும் எங்க அனுமதி இல்லாம இங்க ஒரு செங்கல் வைக்க முடியாது. யாராவது தள்ளிவிட்டு விழுந்தா, இதே இடத்துல, இதே அளவு, இதே உயரம், இதே முகப்பு. அதுக்கு மேல ஒரு அடி கிடையாது."

"அது இவங்களுக்கு சார். நான் வாங்கின அப்புறம்?"

"உத்தரவு ஆளுக்கு இல்ல சார், கட்டிடத்துக்கு. நீங்க வாங்கினா அதையும் சேர்த்துத்தான் வாங்கறீங்க. ஓடு வைக்கலேன்னா அடுத்த நோட்டீஸ் உங்க பேர்ல வரும்."

"கெடுக்கச் சொல்லித் தூண்டினவங்களுக்கு என்ன சார்?" என்று நான் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டேன்.

"செஞ்சவங்களுக்கு என்னவோ அதேதான்."

டைல்ஸ்காரருக்குத் திடீரென்று ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் செங்குத்துப் படியில் அவ்வளவு வேகமாக இறங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. சென்ட் வாசனைகூட அவருக்குப் பின்னாலேயே ஓடியது.

ஆய்வாளர் ஸ்டோர் ரூமுக்கு வந்தார். கோணிச் சாக்கை விலக்கினார். ஒரு ஓட்டை எடுத்து அடியில் எழுதியதைப் படித்தார். இன்னொன்றை எடுத்துப் படித்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்தேன்.

"நாங்க ஆளுங்களைக் கெஞ்சுவோம் சார், கழட்டினா நம்பர் போட்டு வைங்கன்னு. காண்டிராக்டருங்களே கேக்க மாட்டாங்க. குத்தம் பண்றவர் ஒருத்தர் இவ்வளவு சுத்தமாப் பண்ணி இப்பத்தான் பாக்கறேன்."

மாமாவுக்கு அழுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

"விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க," என்றார் ஆய்வாளர், சிரிப்பை மடித்து வைத்துவிட்டு. "நான் பாத்ததை எழுதித்தான் ஆகணும். விசாரணைக்கு வரணும். அசல் ஓடு அப்படியே இருக்கு, பலகை ஊறினதோட சரி, கேட்டதும் ஒத்துக்கிட்டீங்க, இதையும் எழுதறேன். அதே ஓட்டை அதே இடத்துல வைங்க. புது ஓடு ஒண்ணுகூடக் கலக்கக் கூடாது. நான் வந்து பார்த்து முடிஞ்சதுன்னு எழுதற வரைக்கும் இந்தக் கட்டிடத்தை விக்கறதை மறந்துடுங்க."

உத்தரவு வந்ததும் நாங்கள் ஓடு வேய்ந்தோம். என் ஆட்கள் கைமரத்தின் மேல் உட்கார, மாமா கூரைக்குள் நின்று ஒவ்வொரு ஓட்டாகத் திருப்பிப் படித்து எடுத்துக் கொடுத்தார். 'வரிசை ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு.' எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் இடைவெளி விழவில்லை. என் தொழிலில் அவ்வளவு சுலபமான வேலை எனக்கு வாய்த்ததே இல்லை. அக்கா கீழே கட்டிலில் உட்கார்ந்து, திறந்திருந்த பலகைக் கதவு வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் துண்டு துண்டாகக் குறைந்து, கடைசி ஓடு உட்கார்ந்ததும் முழுக்க மறைந்தது. அன்று முழுவதும் அவள் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணையில் மாமாவுக்கு அபராதமும் எச்சரிக்கையும், அக்காவுக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு முறை நடந்தால் ஜெயில்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். டைல்ஸ்காரர் பெயரை மாமா அங்கே சொன்னார். அது தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும்.

உத்தரவு நிறைவேறியது என்று எழுத்தில் வந்த பிறகு கட்டிடத்தை விற்பனைக்கு வைத்தோம், பட்டியலில் உள்ளது என்று முதல் வரியிலேயே சொல்லி. பல பேர் வந்து கூரையைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஓடாமல் நின்றது ஒரு கண் டாக்டர் அம்மா. "என்னவெல்லாம் செய்யக் கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க, என்ன செய்யலாம்னு சொல்லுங்க," என்றார். நான் சொன்னேன், அவர் வாங்கினார். பின்முற்றத்தில், பழைய சுவரைத் தொடாமல், தனியாக நிற்கிற மாதிரி ஒரு லிஃப்ட் வைக்க விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அந்த வழியை நான் எப்போதோ மாமாவிடம் சொல்லியிருந்தேன், அவர் 'அவங்களாவது குடுக்கறதாவது' என்று கையை உதறிவிட்டார். லிஃப்டுக்கு அனுமதி வந்த செய்தியைக் கேட்டு அக்கா வெகுநேரம் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

போன வாரம் அவர்களுடைய ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். நான் லிஃப்டில் மேலே போனேன், கதவு திறந்ததும் அக்கா நடந்தே வந்து எதிரில் நின்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

ஹாலில் மாமா ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் சுத்தியலுமாகச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வாயில் ஆணி. வெகுநேரமாக அப்படியே நிற்கிறார் போலிருந்தது.

"என்ன மாமா, அடிக்க வேண்டியதுதானே? இது பட்டியல்ல எல்லாம் இல்ல."

அவர் சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "உங்க அக்காகிட்ட கேட்டிருக்கேன். இன்னும் சொல்லல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"வீடு என் பேர்ல இருக்கு," என்றாள். பிறகு சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வைங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மறுபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.